ஐந்தில் சரி, ஆறில் தவறு

ஒரு தாளில் வட்டம் வரையுங்கள். அதன் விளிம்பில் இரண்டு புள்ளி வைத்து நேர்கோட்டால் இணைத்தால் வட்டம் இரண்டு துண்டாகும். மூன்று புள்ளி வைத்து ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் இணைத்தால் நான்கு துண்டு. நான்கு புள்ளிக்கு எட்டு, ஐந்து புள்ளிக்குப் பதினாறு. ஒரே ஒரு புள்ளி என்றால் கோட்டுக்கே வேலையில்லை, முழு வட்டமும் ஒரு துண்டுதான். ஆக, வரிசை இப்படிப் போகிறது: 1, 2, 4, 8, 16.

ஆறு புள்ளிக்கு எத்தனை துண்டு? யாரைக் கேட்டாலும் 32 என்பார்கள். பொறுமையாக வரைந்து எண்ணினால் 31தான் வரும். எங்கோ ஒன்றை விட்டுவிட்டோம் என்று மறுபடி எண்ணுவோம். அப்போதும் 31தான். புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்தால் மூன்று கோடுகள் நடுவில் ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டு 30 ஆகிவிடும். எப்படி வைத்தாலும் 32 மட்டும் வராது. ஏழு புள்ளிக்கு அதிகபட்சம் 57. இரட்டித்துக்கொண்டே போகும் என்று நாம் நம்பிய விதி ஐந்து முறை சரியாக இருந்து ஆறாவது முறை நம்மைக் கைவிட்டுவிட்டது.

கணினிப் பொறியியல் மாணவர்கள் ‘டிஸ்கிரீட் மேத்ஸ்’ என்று அழைக்கும் தனிநிலைக் கணிதப் பாடத்தில் இந்த வட்டத்துக்கு ஒரு வேலை உண்டு. சில எண்களுக்குச் சரிபார்த்துவிட்டு ‘எல்லா எண்களுக்கும் இப்படித்தான்’ என்று சொல்லக் கூடாது என்பதை இது ஒரே படத்தில் காட்டிவிடும். அப்படியானால் எல்லா எண்களுக்கும் என்று எப்போது சொல்லலாம்? எண்கள் முடிவில்லாதவை, ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்க எவராலும் ஆகாது. அந்த இடத்தில் கைகொடுப்பதுதான் கணிதத் தொகுத்தறிதல்.

பெயரே கொஞ்சம் குழப்பும். தொகுத்து அறிதல் என்றால் பல நிகழ்வுகளைத் திரட்டி அவற்றிலிருந்து பொதுவிதி காண்பது. வட்டத்தில் நாம் செய்து ஏமாந்தது அதைத்தான். கணிதத் தொகுத்தறிதல் அப்படிப்பட்டதே அல்ல. அது ஒரு தொடக்கத்திலிருந்து படிப்படியாகத் தர்க்கத்தால் முன்னேறும் முறை. ஆங்கிலத்தில் இதற்கான பெயரை 1838-இல் ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையில் அகஸ்டஸ் டி மார்கன் எழுதினார். தமிழ்ப் பாடநூல்களுக்கு அந்தப் பெயர் மொழிபெயர்ப்பாக வந்தது, குழப்பமும் கூடவே வந்தது.

இரண்டே வேலை

ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டிப் பாருங்கள். 1. அடுத்து 1 + 3 = 4. அடுத்து 1 + 3 + 5 = 9. அதற்கடுத்து 16. எல்லாம் வர்க்க எண்கள். முதல் n ஒற்றைப்படை எண்களின் கூட்டுத்தொகை n² என்று தோன்றுகிறது. இத்தாலியக் கணிதர் பிரான்செஸ்கோ மௌரோலிக்கோவின் 1575-ஆம் ஆண்டு நூலில் இந்த உண்மைக்குப் படிப்படியான நிரூபணம் இருக்கிறது.

நிரூபணத்தில் செய்ய வேண்டியவை இரண்டு வேலைகள். முதலாவது, n = 1 என்றபோது கூற்று சரியா என்று பார்ப்பது. 1 = 1², சரி. இதற்கு அடிப்படைப் படி என்று பெயர். இரண்டாவது, ஓர் எண்ணில் கூற்று சரியாக இருந்தால் அதற்கு அடுத்த எண்ணிலும் சரியாகத்தான் இருக்கும் என்று காட்டுவது. அதாவது, முதல் k ஒற்றைப்படை எண்களின் கூட்டுத்தொகை k² என்று வைத்துக்கொள்கிறோம். அடுத்து வரும் ஒற்றைப்படை எண் 2k + 1. அதைச் சேர்த்தால் கிடைப்பது k² + 2k + 1. பள்ளியில் படித்த முற்றொருமைப்படி அது (k + 1)². வேலை முடிந்தது.

பெரும்பாலான மாணவர்களுக்கு மனம் ஒப்பாத இடம் இதுதான். ‘k-க்குச் சரி என்று வைத்துக்கொள்கிறோம்’ என்றதும் ஒரு கை உயரும். “நிரூபிக்க வேண்டியதையே சரி என்று எடுத்துக்கொண்டால் அப்புறம் நிரூபிக்க என்ன சார் இருக்கிறது?”

நியாயமான கேள்வி. ‘மழை பெய்தால் ஏரி நிரம்பும்’ என்று ஒருவர் சொல்கிறார். மழை பெய்தது என்று அவர் சொல்லவில்லை. ஏரி நிரம்பிவிட்டது என்றும் சொல்லவில்லை. மழைக்கும் ஏரிக்கும் உள்ள தொடர்பை மட்டும் சொல்கிறார். நாளைக்கே வறட்சி வந்தாலும் அவர் சொன்னது பொய்யாகாது. இரண்டாவது வேலையும் அப்படித்தான். k-க்குக் கூற்று உண்மை என்று நாம் எங்கும் அடித்துச் சொல்லவில்லை. உண்மையாக இருக்கும்பட்சத்தில் k + 1-க்கும் உண்மை என்ற தொடர்பை மட்டுமே நிறுவுகிறோம். மழை உண்மையிலேயே பெய்ததா என்ற தகவல் வருவது அடிப்படைப் படியிலிருந்து. 1-க்கு உண்மை என்று தனியே பார்த்துவிட்டோம். தொடர்பு இருப்பதால் 2-க்கு உண்மை. அதே தொடர்பால் 3-க்கு உண்மை. இப்படியே எந்த எண்ணைச் சொன்னாலும் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

இந்த அமைப்பை மிகத் தெளிவாக எழுதியவர் பிரெஞ்சுக் கணிதர் பாஸ்கல். தன் பெயரால் வழங்கும் எண் முக்கோணத்தைப் பற்றி 1654-இல் எழுதி, அவர் இறந்த பிறகு 1665-இல் அச்சான நூலில், ஒரு பண்பை நிறுவும்போது அவர் சொல்வதன் சாரம் இது: நேரவிருக்கும் நிலைகள் எண்ணற்றவை என்றாலும் இரண்டு துணைக் கூற்றுகளே போதும். ஒன்று, தொடக்கத்தில் பண்பு இருக்கிறது என்பது. மற்றொன்று, ஒரு வரியில் இருந்தால் அடுத்த வரியிலும் இருக்கும் என்பது.

இன்னும் சந்தேகம் தீராதவர்களுக்கு வேறொரு வழியில் சொல்லலாம். இரண்டு வேலையும் முடிந்த பிறகும் ஏதோ ஓர் எண்ணில் கூற்று பொய்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படிப் பொய்க்கும் எண்களில் மிகச் சிறியது ஒன்று இருந்தே தீரும். அது 1 ஆக இருக்க முடியாது, ஏனென்றால் 1-ஐச் சோதித்துவிட்டோம். ஆகவே அதற்கு முந்தைய எண் ஒன்று உண்டு. பொய்க்கும் எண்களில் மிகச் சிறியதையே பிடித்திருப்பதால், முந்தைய எண்ணில் கூற்று உண்மை. ஆனால் முந்தையதில் உண்மையானால் அடுத்ததிலும் உண்மை என்று நிறுவியிருக்கிறோமே! பிடித்த எண் பொய்க்கவும் வேண்டும், பொய்க்கவும் கூடாது. எனவே அப்படி ஓர் எண் கிடையாது.

ஒரு சதுரங்கப் பலகை

ஒற்றைப்படை எண்களின் கூட்டல் நல்ல தொடக்கம்தான். ஆனால் அதில் ஓர் ஆபத்தும் உண்டு. தொகுத்தறிதல் என்றாலே இயற்கணிதச் சுருக்கல்தான் என்று மாணவர் நினைத்துவிடுவார். ஒரு பக்கம் அடுத்த உறுப்பைச் சேர்ப்பது, சுருக்குவது, மறுபக்கத்தோடு பொருத்துவது என்று ஒரு வாய்ப்பாடாகவே பழகிவிடும். அதனால் சமன்பாடே இல்லாத ஒரு நிரூபணத்தைப் பார்ப்போம்.

8 × 8 சதுரங்கப் பலகையில் ஏதாவது ஒரு கட்டத்தை மட்டும் கறுப்பு மையால் அடைத்துவிடுங்கள். மீதி 63 கட்டங்கள். மூன்று கட்டங்கள் ‘ட’ எழுத்தைப் போல முழங்கையாக ஒட்டிய அட்டைத் துண்டுகள் நம்மிடம் வேண்டிய அளவு இருக்கின்றன. துண்டுகளை எப்படி வேண்டுமானாலும் திருப்பி வைக்கலாம். ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது, பலகைக்கு வெளியே நீட்டக் கூடாது, அடைத்த கட்டத்தை மூடக் கூடாது. 63 கட்டங்களையும் முழுதாக மூட முடியுமா?

63 மூன்றால் வகுபடும், 21 துண்டுகள் வேண்டும். ஆனால் வகுபடுவது மட்டும் போதாது. முழங்கைத் துண்டுக்குப் பதிலாக மூன்று கட்டம் நேராக நீளும் துண்டை எடுத்துக்கொண்டால், பலகையின் 64 இடங்களில் நான்கே நான்கு இடங்களை அடைத்தால்தான் மீதியை மூட முடியும். மற்ற 60 இடங்களில் எதை அடைத்தாலும் முடியாது. முழங்கைத் துண்டுக்கோ எந்த இடத்தை அடைத்தாலும் முடியும். இதை நிறுவியவர் அமெரிக்கரான சாலமன் கோலம்ப். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது இத்தகைய கட்டத் துண்டுகளைப் பற்றி ஆராய்ந்து, 1954-இல் ஒரு கணித இதழில் வெளியிட்டார். அந்தத் துண்டுகளின் வழிவந்ததுதான் பின்னாளில் உலகெங்கும் பரவிய டெட்ரிஸ் விளையாட்டு.

64 இடங்களையும் ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பதில் பயனில்லை. 8 × 8 முடிந்தால் 16 × 16 வரும், அதற்கடுத்து 32 × 32 வரும். ஆகவே கூற்றைப் பொதுவாக எழுதுவோம்: பக்கத்துக்கு 2ⁿ கட்டம் உள்ள பலகையில் எந்த ஒரு கட்டத்தை அடைத்தாலும் மீதியை முழங்கைத் துண்டுகளால் மூடலாம்.

அடிப்படைப் படி சுலபம். n = 1 என்றால் பலகை 2 × 2. நான்கு கட்டங்களில் எதை அடைத்தாலும் மிஞ்சும் மூன்றும் முழங்கை வடிவில்தான் இருக்கும். ஒரு துண்டு போதும்.

அடுத்த படியில்தான் நுட்பம் இருக்கிறது. பக்கத்துக்கு 2ᵏ கட்டம் உள்ள பலகையை, எந்தக் கட்டத்தை அடைத்தாலும், மூடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறோம். இதுதான் கருதுகோள். இப்போது அதைப் போல் இருமடங்கு பக்கமுள்ள பலகையை ஒருவர் கொண்டுவந்து, தனக்குப் பிடித்த ஒரு கட்டத்தை அடைத்து நம் முன் வைக்கிறார். என்ன செய்வது?

நமக்குத் தெரிந்தது சிறிய பலகை மட்டும். ஆகவே பெரிய பலகைக்குள் சிறியது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். நடுவில் ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் போட்டால் நான்கு சிறிய பலகைகள் கிடைக்கும். அடைத்த கட்டம் அந்த நான்கில் ஒன்றில் இருக்கிறது. அந்தக் காற்பலகையைக் கருதுகோளின்படி மூடிவிடலாம். மற்ற மூன்றிலும் அடைத்த கட்டமே இல்லை. கருதுகோளோ ஒரு கட்டம் அடைத்த பலகையைப் பற்றியே பேசுகிறது. இங்கேதான் பலரும் திகைத்து நிற்பார்கள்.

வழி இது. பெரிய பலகையின் நட்டநடுவில் நான்கு கட்டங்கள் கூடும் இடத்தைப் பாருங்கள். ஒவ்வொரு காற்பலகையும் தன் மூலைக் கட்டம் ஒன்றை அங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது. அடைத்த கட்டம் இல்லாத மூன்று காற்பலகைகளின் மூலைக் கட்டங்கள் மூன்றும் சேர்ந்தால் முழங்கை வடிவம். அங்கே ஒரு துண்டை வைத்துவிடுங்கள். அதன்பின் அந்த மூன்று காற்பலகைகளிலும் ஒவ்வொரு கட்டம் மூடப்பட்டுவிட்டது, அதாவது அடைத்த கட்டம் ஒன்று உருவாகிவிட்டது. இப்போது நான்கும் ஒரே நிலைக்கு வந்துவிட்டன. நான்கையும் கருதுகோளின்படி மூடலாம். நிரூபணம் முடிந்தது.

4 × 4 பலகையில் இதைச் செய்து பார்க்கலாம். இரண்டாவது வரிசையின் முதல் கட்டத்தை அடைத்திருக்கிறோம். அது 0. நடுவில் முதலில் வைத்த துண்டு 1. மற்றவை காற்பலகைக்கு ஒன்று.

```
2 2 3 3
0 2 1 3
4 1 1 5
4 4 5 5
```

இந்த நிரூபணத்தில் இன்னொரு லாபமும் உண்டு. மூடலாம் என்று சொல்வதோடு நில்லாமல் எப்படி மூடுவது என்றும் காட்டிவிடுகிறது. நடுவில் ஒரு துண்டு வை, பலகையை நான்காக்கு, ஒவ்வொன்றிலும் இதையே செய், 2 × 2 வந்ததும் ஒரு துண்டு வைத்து நிறுத்து. தன்னையே மீண்டும் அழைத்துக்கொள்ளும் இத்தகைய கட்டளையைக் கணினிக்காரர்கள் ‘ரிக்கர்ஷன்’ என்பார்கள். கணினி மாணவர்களுக்குத் தொகுத்தறிதலைக் கற்றுத்தர இதுவே முக்கியக் காரணம். ரிக்கர்ஷனால் எழுதிய நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டுமானால், நிரல் நிற்கும் இடத்தை அடிப்படைப் படியாகவும், தன்னையே அழைக்கும் இடத்தை இரண்டாவது படியாகவும் வைத்துத்தான் நிறுவ வேண்டும்.

பெரிதாகக் கேட்டால் எளிதாகும்

இப்போது ஒரு சின்ன மாற்றம். ‘எந்தக் கட்டத்தை அடைத்தாலும்’ என்பது கொஞ்சம் அதிகமோ என்று ஒருவர் தயங்குகிறார். நடுவில் இருக்கும் நான்கு கட்டங்களில் ஒன்றை அடைத்த பலகையை மட்டும் மூடினால் தனக்குப் போதும் என்கிறார். கூற்று சிறியதாகிவிட்டதால் நிரூபணமும் எளிதாகும் என்றுதான் எவருக்கும் தோன்றும்.

முயன்று பார்ப்போம். பலகையை நான்காக்குகிறோம். அடைத்த கட்டம் நடுவில் இருப்பதால் அது ஒரு காற்பலகையின் மூலையில் விழுகிறது. நடுவில் துண்டு வைத்தால் மற்ற மூன்றிலும் மூலைக் கட்டமே மூடப்படுகிறது. இப்போது நம் கையில் மூலை அடைபட்ட நான்கு பலகைகள் இருக்கின்றன. கருதுகோளோ நடு அடைபட்ட பலகையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அது இங்கே செல்லாது. நிரூபணம் அப்படியே நின்றுவிடும்.

கூற்று பொய்யல்ல. நடுவை அடைத்த பலகையையும் மூடலாம், அது பெரிய கூற்றின் ஒரு பகுதிதானே. ஆனால் சிறிய கூற்றைத் தனியாக எடுத்துத் தொகுத்தறிதலால் நேராக நிறுவப் போனால் வழி அடைபட்டுவிடும். காரணத்தை யோசித்தால் புரியும். தொகுத்தறிதலில் கூற்றுக்கு இரட்டை வேலை. k + 1-இல் அது நாம் கட்ட வேண்டிய கடன், k-இல் அதுவே நம் கைமுதல். கூற்றைக் குறைத்தால் கடன் குறையும் என்பது உண்மைதான், கைமுதலும் சேர்ந்தே குறைந்துவிடும். நடுக் கட்டத்துக்கு மட்டும் உறுதி கேட்டவருக்கு மூலைக் கட்டம் வந்தபோது கையில் காசில்லை.

ஆகவே தொகுத்தறிதல் பாதியில் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: k-இடமிருந்து எனக்கு என்ன உதவி வேண்டியிருந்தது, கருதுகோள் அதைத் தருகிறதா? தரவில்லையென்றால் அந்த உதவியையும் சேர்த்துக் கூற்றைப் பெரிதாக்கி எழுதிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். கூற்றுக்குள் ‘மூலையையும் சேர்த்து’ என்று எழுதினாலே இங்கே போதும். ‘எந்தக் கட்டமானாலும்’ என்று எழுதினால் இன்னும் நல்லது.

எங்கே சறுக்கும்?

தவறான நிரூபணங்களையும் பார்த்தால்தான் இந்த முறை கைக்கு வரும். மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, அடிப்படைப் படியை விட்டுவிடுவது. ‘1 போட்டுப் பார்ப்பதெல்லாம் ஒரு சடங்கு’ என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: முதல் n ஒற்றைப்படை எண்களின் கூட்டுத்தொகை n² + 7. இரண்டாவது படியைச் செய்வோம். k-க்குச் சரியானால் கூட்டுத்தொகை k² + 7. அடுத்த எண்ணைச் சேர்த்தால் k² + 7 + 2k + 1, அதாவது (k + 1)² + 7. பிசிறில்லாமல் வந்துவிட்டது! ஆனாலும் கூற்று எந்த எண்ணுக்குமே உண்மையில்லை. படிகளெல்லாம் சரியாக இருக்கும் ஏணி அந்தரத்தில் தொங்குகிறது. n = 1 என்று போட்டால் 1-உம் 8-உம் சமம் என்று வரும். அந்தச் சடங்கைச் செய்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

இரண்டாவது, எல்லாக் குதிரைகளும் ஒரே நிறம் என்ற புகழ்பெற்ற ‘நிரூபணம்’. கணிதர் ஜார்ஜ் போல்யா 1954-இல் வெளியான தன் நூலில் பெண்களின் கண் நிறத்தை வைத்து இதே கணக்கைத் தந்திருக்கிறார். ஒரு குதிரை மட்டும் உள்ள கூட்டத்தில் எல்லாம் ஒரே நிறம் என்பதில் சந்தேகமில்லை. k குதிரைகள் உள்ள எந்தக் கூட்டமும் ஒரே நிறம் என்று வைத்துக்கொள்வோம். k + 1 குதிரைகளை வரிசையாக நிறுத்துங்கள். கடைசிக் குதிரையை விலக்கினால் மிஞ்சும் k குதிரைகளும் ஒரே நிறம். அதைத் திரும்ப நிறுத்தி முதல் குதிரையை விலக்கினால் மிஞ்சுபவையும் ஒரே நிறம். இடையில் நிற்கும் குதிரைகள் இரண்டு கூட்டத்துக்கும் பொது. ஆகவே எல்லாம் ஒரே நிறம்!

எங்கே தவறு? பெரிய k-க்கு இந்த வாதத்தில் ஒரு குறையும் இல்லை. 99 குதிரைகள் கொண்ட எல்லாக் கூட்டமும் ஒரே நிறம் என்றால் 100 குதிரைகளும் ஒரே நிறம்தான். வாதம் உடைவது ஒரே ஓர் இடத்தில், 1-இலிருந்து 2-க்குப் போகும்போது. இரண்டு குதிரைகளில் கடைசியை விலக்கினால் முதல் குதிரை மட்டும், முதலை விலக்கினால் கடைசிக் குதிரை மட்டும். ‘இடையில் நிற்கும் குதிரை’ என்று ஒன்று கிடையாது. தொடர் முழுவதும் பலமாக இருந்தும் முதல் கண்ணி இல்லாததால் பயனில்லை. இதிலிருந்து ஒரு நல்ல பழக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம். இரண்டாவது படியைப் பொதுவாக எழுதி முடித்ததும், k-க்குப் பதில் மிகச் சிறிய எண்ணைப் போட்டு அந்த வாதத்தை ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். இல்லாத பொருளைப் பற்றிப் பேசியிருந்தால் உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவது பிழை நுட்பமானது. நன்றாகப் படிக்கும் மாணவர்களும் இதில் விழுவார்கள். கூற்று இது: ஒரு கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் அந்தக் கூட்டத்திலேயே ஒரு நண்பராவது இருந்தால், ஒருவரிடம் சொன்ன செய்தி நண்பர் வழியாக நண்பர் என்று எல்லோருக்கும் போய்ச் சேரும். இருவர் என்றால் அவர்கள் ஒருவருக்கொருவர் நண்பர், செய்தி சேரும். k பேர் உள்ள கூட்டத்தில் சேரும் என்று கொள்வோம். புதிதாக ஒருவர் வருகிறார். அவருக்கும் கூட்டத்தில் ஒரு நண்பராவது இருக்க வேண்டும். அந்த நண்பர் வழியாக அவருக்கும் செய்தி சேரும். ஆகவே k + 1 பேருக்கும் சரி.

படிக்கும்போது எந்தக் குறையும் தென்படாது. ஆனால் கூற்று பொய். நான்கு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலிருவர் தங்களுக்குள் நண்பர்கள், மற்ற இருவர் தங்களுக்குள் நண்பர்கள், இரண்டு ஜோடிக்கும் இடையே பேச்சுவார்த்தையே இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு நண்பர் இருக்கிறார். செய்தியோ ஜோடியைத் தாண்டாது.

நிரூபணத்தில் என்ன கோளாறு? மூவர் கூட்டத்தோடு ஒருவரைச் சேர்த்து நால்வர் கூட்டம் ஒன்றை நாமே உண்டாக்கினோம். அப்படி உண்டாகும் கூட்டங்களில் எல்லாம் செய்தி சேரும் என்பது உண்மை. ஆனால் நால்வர் கூட்டங்கள் எல்லாமே அப்படி உண்டானவை அல்ல. இரண்டு ஜோடிக் கூட்டத்திலிருந்து ஒருவரை விலக்கிப் பாருங்கள். அவருடைய ஜோடி நண்பரே இல்லாமல் தனித்துப்போவார். மிஞ்சும் மூவர் கூட்டம் கூற்றின் நிபந்தனைக்குள்ளேயே வராது. கருதுகோள் அங்கே பேசாது.

ஆகவே இரண்டாவது படியைச் சிறியதிலிருந்து பெரியதைக் கட்டி எழுப்புவதுபோல் எழுதக் கூடாது. எவரோ கொண்டுவந்து வைத்த பெரியதை எடுத்து, அதற்குள் சிறியதைக் கண்டெடுக்க வேண்டும். சதுரங்கப் பலகையில் நாம் செய்தது அதுதான். நான்கு சிறிய பலகைகளை ஒட்டிப் பெரியது செய்யவில்லை. பிறர் அடைத்துத் தந்த பெரிய பலகையை நாம் வெட்டினோம். ஒரு துண்டை நடுவில் வைத்ததும், வெட்டிய நான்கும் கருதுகோளின் நிபந்தனைக்குள் வருகின்றனவா என்ற கேள்வி கூட எழாதபடி சரியாகப் பொருந்தின. நண்பர் கூட்டத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, அதனால்தான் பிழை தப்பித்தது.

விடைத்தாளில்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பிலேயே கணிதத் தொகுத்தறிதல் வந்துவிடுகிறது. கல்லூரியில் தனிநிலைக் கணிதத்தில் மறுபடி வருகிறது. இரண்டு இடத்திலும் ஒரு விடையைத் திருத்துபவர் முதலில் தேடுவது ஒரு வரியைத்தான்: ‘கருதுகோளின்படி’ என்று எழுதிய வரி. அந்த வரி எங்குமே இல்லையென்றால் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க வேண்டும். கூற்றை நிறுவத் தொகுத்தறிதலே தேவைப்படவில்லை, அல்லது நிரூபணம் எங்கோ ஓட்டையாக இருக்கிறது.

இன்னொன்று, கூற்றை முழு வாக்கியமாக எழுதாமலே கணக்கில் இறங்கிவிடுவது. ‘n-க்கு உண்மை’ என்றால் எது உண்மை? பலகைக் கணக்கில் ‘எந்தக் கட்டத்தை அடைத்தாலும்’ என்ற மூன்று சொற்கள் கூற்றுக்குள் இருக்கின்றனவா இல்லையா என்பதைப் பொறுத்தே நிரூபணம் ஓடியதையும் நின்றதையும் பார்த்தோம். வாக்கியத்தை எழுதிவைக்காதவருக்கு அந்த வேறுபாடு கண்ணில் படவே படாது.

படித்ததைச் சோதித்துப் பார்க்க விரும்புபவர்கள் கட்டம் போட்ட நோட்டில் 16 × 16 பலகை ஒன்று வரையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பென்சிலை வைத்து, அது விழுந்த கட்டத்தைக் கறுப்பாக அடையுங்கள். மீதி 255 கட்டங்களை மூட 85 முழங்கைகள் வேண்டும். முதல் முழங்கையை எங்கே வைப்பது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.